ஒளி ஊடுருவும் மழைக்கோட்டு: உள்ளே சட்டை தெரியுது, ஆனா பிளாஸ்டிக்கே தெரியலை

அரைமை

ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் செஞ்சிட்டிருக்கேன். கையில இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. ஒருத்தர் நேரா நிக்கிறார், கருநீலமும் வெள்ளையும் கலந்த கட்டம் போட்ட சட்டை, சாம்பல் பேன்ட், இடது கை இடுப்புல. பின்னாடி கரும்பச்சையா ஒரு புதர்வேலி, மேல மேகமூட்டமான வானம். மறுபடி படம் பிடிக்க வழியில்லை.

கதையில அந்த ஆளு முழங்கால் வரைக்கும் வர்ற ஒரு மலிவான பிளாஸ்டிக் போஞ்சோ போட்டிருக்கார். உள்ளே இருக்கிற கட்டம் போட்ட சட்டை தெளிவா தெரிஞ்சே ஆகணும், கதைக்கு அது முக்கியம். அதனால சட்டையைத் தொடாம, மேல பிளாஸ்டிக்கை மட்டும் வரையணும்.

போஞ்சோ வடிவத்தை வெட்டி, வெள்ளை நிரப்பி, Opacity 30 வச்சேன். மேல வெள்ளைக் கோடா மடிப்பு போட்டேன். பார்த்தா ஆளு பனிமூட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. ஆவி மாதிரி இருக்குன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. Opacity குறைச்சா பிளாஸ்டிக் காணாம போகுது, ஏத்தினா சட்டை காணாம போகுது. நடுவுல எங்கே நிறுத்துறது?

வண்ணத்துகள்

வெள்ளையை Normal-ல போட்டா அப்படித்தான் இருக்கும் நண்பா. Screen மோடுக்கு மாத்தி 10 வை. அப்புறம் முக்கியமான விஷயம், ஒளி ஊடுருவுற எதுவுமே பின்னாடி இருக்கிறதை வளைச்சுக் காட்டும். அதனால சட்டை லேயரை நகலெடுத்து, மடிப்பு வரைஞ்ச படத்தை வச்சு Displace ஃபில்டர் போடு. கட்டம் கொஞ்சம் நெளிஞ்சாத்தான் மேல ஏதோ இருக்குன்னு கண்ணு நம்பும். கடைசியா ஓரம் முழுக்க மெல்லிசா வெள்ளை ஒளி. முடிஞ்சது.

நனைந்தகாகம்

ரொம்ப மெல்லிசான போஞ்சோ வாங்காதீங்க, காத்துல கிழிஞ்சு தொங்கும். கொஞ்சம் தடிமனா வாங்கினா படத்துலயும் நல்லா விழும். கேமராவுல போலரைசர் போட்டுத் திருப்பினா பளபளப்பு எல்லாம் போய் உள்ளே இருக்கிற சட்டை பளிச்சுன்னு தெரியும்.

அரைமை

@நனைந்தகாகம் அண்ணே, வாங்கிப் படம் பிடிக்கிற கதை இல்லை. ஆளும் இல்லை, இடமும் இல்லை, போட்டோ மட்டும்தான். வரையணும்.

@வண்ணத்துகள் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். மூட்டம் குறைஞ்சது உண்மை. ஆனா கட்டம் நெளிஞ்சதும் ஆளு தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. ஓரத்து வெள்ளை ஒளி ஸ்டிக்கரை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு.

பழைய_தூரிகை

முதலில் அந்த Displace லேயரை அழித்துவிடுங்கள். பெரும்பாலான படங்களில் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒளி வளைவது உண்மைதான். ஆனால் தாளின் இரு பக்கமும் இணையாக இருந்தால், உள்ளே நுழையும்போது வளைந்த கதிர் வெளியே வரும்போது பழைய திசைக்கே திரும்பிவிடும். மிஞ்சுவது பக்கவாட்டில் ஒரு சின்ன நகர்வு மட்டும். அந்த நகர்வும் தாளின் தடிமனைத் தாண்டாது. போஞ்சோ தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி. முழு உருவப் படத்தில் அது ஒரு பிக்சல்கூட வராது. ஆகவே கட்டத்தின் ஒரு கோட்டைத் தோளிலிருந்து இடுப்பு வரை விரலால் தொடர்ந்து வந்தால், பிளாஸ்டிக் மடிப்பைத் தாண்டும்போதும் அது உடையாமல் ஓட வேண்டும். கோடு நெளிந்தால் கண் அதைத் தண்ணீர் அல்லது தடித்த கண்ணாடி என்றுதான் படிக்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

அப்படியானால் பிளாஸ்டிக் இருப்பது எதனால் தெரிகிறது? இரண்டு காரணங்கள். தாள் தன் மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைச் சிதறடிக்கிறது, அதனால் உள்ளே இருப்பதன் அழுத்தம் குறைகிறது. இன்னொன்று, தாள் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கிறது. இதில் முதலாவதை இப்போது சொல்கிறேன்.

சிதறும் வெளிச்சம் வெள்ளை அல்ல. அது வானத்தின் நிறம். உங்கள் படத்தில் மேகமூட்டம், ஆகவே கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். வானத்திலிருந்தே ஐட்ராப்பரால் எடுங்கள். 180 அளவு சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். அதை Normal மோடில், Opacity 12-ல் போடுங்கள். சட்டையின் கருநீலப் பட்டை 30 என்றால் அது 48 ஆகும். வெள்ளைப் பட்டை 235 என்றால் 228-க்கு இறங்கும். கறுப்பு ஏறுகிறது, வெள்ளை சற்று இறங்குகிறது. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. Screen மோடில் கறுப்பு ஏறும், ஆனால் வெள்ளை இறங்கவே இறங்காது. அதனால்தான் நான் இங்கே Normal என்கிறேன். நீங்கள் முதலில் செய்ததில் மோடு தப்பில்லை. நிறமும் அளவும்தான் தப்பு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடுவில் எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். ஒரே எண்ணில் நிறுத்த முடியாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் தாள் இல்லை. சட்டையை நீங்கள் பார்ப்பது முன்பக்கத் தாள் ஒன்றின் வழியாக. ஆனால் போஞ்சோ உடம்பைவிட அகலம். உடம்பின் ஓரத்துக்கும் போஞ்சோவின் ஓரத்துக்கும் நடுவே தெரிவது சட்டை அல்ல, பின்னால் இருக்கும் புதர். அந்தப் புதரை முன்பக்கத் தாள், பின்பக்கத் தாள் என இரண்டின் வழியாகப் பார்க்கிறீர்கள். இடுப்பில் வைத்த கைக்கும் விலாவுக்கும் நடுவே தெரியும் அந்த முக்கோண இடைவெளியும் அப்படித்தான்.

60 அளவில் இருக்கும் கரும்பச்சை ஒரு தாள் வழியாக 74, இரண்டு தாள் வழியாக 87. அந்த ஒரு வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். சட்டை மேல் எதையுமே ஏற்றாமல், பிளாஸ்டிக் திடீரென்று அங்கே வந்து நிற்கும். போஞ்சோவைக் காட்ட வேண்டிய முதல் இடம் சட்டைக்கு வெளியே இருக்கிறது.

அரைமை

ஐயா, அந்த முக்கோணத்தை நான் தொடவே இல்லை! போஞ்சோ வடிவத்தை ஆளோட உருவத்தை ஒட்டியே வெட்டியிருந்தேன். இன்னைக்கு ராத்திரி மாத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்.

வண்ணத்துகள்

தடிமன் கணக்கு சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒளி ஊடுருவுற குடைக்குப் பின்னாடி இருக்கிற ஆளு முகம் கோணலாத் தெரியுறதை நானே பார்த்திருக்கேன். கசங்கின பிளாஸ்டிக் வழியா பார்த்தாலும் எல்லாம் நெளியுதே. அதெல்லாம் கற்பனையா?

பழைய_தூரிகை

கற்பனை இல்லை. தாள் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை, மலிவான தாளில் இன்னும் மோசம். தடிமன் மாறுகிற இடத்தில் இரு பக்கமும் இணையாக இருக்காது, அதனால் கதிர் மிகச் சிறிய கோணத்தில் திரும்பும். பின்னால் இருப்பது எவ்வளவு தூரமோ அவ்வளவு அந்த நெளிவு பெரிதாகத் தெரியும். குடைக்கும் முகத்துக்கும் நல்ல இடைவெளி உண்டு. சட்டைக்கும் போஞ்சோவுக்கும் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாத இடங்களே அதிகம்.

ஆக, நெளிவு வேண்டுமென்றால் பின்னணிப் புதருக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், சட்டைக்குக் கூடாது. மூட்டமும் இதே போலத்தான். லேசாகப் பால் நிறம் கொண்ட தாளை எழுத்தின் மேல் ஒட்டி வைத்தால் படிக்கலாம், உயர்த்திப் பிடித்தால் எழுத்து மங்கும். தோளில் தாள் சட்டையைத் தொடுகிறது, அங்கே கட்டம் கூர்மையாக இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே தாள் விலகித் தொங்குகிறது, அங்கே ஒரு பிக்சல், ஒன்றரைப் பிக்சல் மங்கல் போதும். பின்னணிக்கு அதைவிடக் கூடுதல். மலிவான பாலித்தீன் என்றால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தெளிவான பி.வி.சி. என்றால் ஏறக்குறைய தெரியாது. உங்கள் கதையில் எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், எண்கள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஊசிமுனை

நான் நாடகக் குழுவுக்கு உடை தைக்கிறவ, கம்ப்யூட்டர் பக்கம் அவ்வளவா தெரியாது. ஆனா மடிப்பு பத்தி யாருமே பேசலையே?

துணி மடியுற மாதிரி பிளாஸ்டிக் மடியாது. துணி உருண்டையா, மெத்துனு விழும். மெல்லிசான பிளாஸ்டிக் தாள் உடைஞ்ச மாதிரி மடியும். கூர்மையான வரம்பு, நடுவுல தட்டையான முகம், அந்த வரம்பு சட்டுனு ஒரு இடத்துல முடியும். மலிவான போஞ்சோன்னா இன்னொன்னு உண்டு. அதைச் சின்னப் பையில மடிச்சு வச்சிருப்பாங்க. பிரிச்சுப் போட்டா, மடிச்ச தடம் நேர்க்கோடா, குறுக்கும் நெடுக்குமா, பெரிய பெரிய செவ்வகமா உடம்பு முழுக்க நிக்கும். அன்னைக்குப் பூரா போகாது. போஞ்சோன்னு சொல்ல இதைவிடச் சுலபமான அடையாளம் கிடையாது. உடம்போட வளைவுக்கு ஏத்தபடி அந்தக் கோடுங்க கொஞ்சம் வளைஞ்சு போகணும், அவ்வளவுதான்.

தொங்குற விதமும் பாருங்க. எடை முழுக்க ரெண்டு தோள்லயும், இடது முழங்கையிலயும்தான் நிக்கும். கை இடுப்புல இருக்கிறதால முழங்கை ஒரு கூடாரக் கம்பு மாதிரி தாளைத் தள்ளிட்டு நிக்கும். தோள் நுனியில இருந்து முழங்கைக்கு இழுத்த கோடு ஒண்ணு, முழங்கையில இருந்து கீழ் ஓரத்துக்கு விசிறி மாதிரி ரெண்டு மூணு கோடு. வலது பக்கம் கை தொங்குறதால அங்கே தாள் நேரா விழும், செங்குத்தா குழல் குழலா மடிப்பு வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மடிப்பு வரைஞ்சா பொய்யாத் தெரியும்.

பக்கவாட்டுல ஊசித் தையல் இருக்காது, சூடு வச்சு ஒட்டியிருப்பாங்க. அந்த ஒட்டு ஒரு மெல்லிய பட்டையாத் தெரியும். அங்கே ரெண்டு தாளும் ஒண்ணாச் சேர்ந்திருக்கும். கீழ் ஓரத்தை மடிச்சுத் தைக்காம வெறுமனே வெட்டி விட்டிருப்பாங்க, அதனால அங்கே பட்டை வராது, கூர்மையான ஒரு வரி மட்டும்தான்.

அப்புறம், சட்டை காலர் விறைப்பா நிக்குது பாருங்க. மேல தொப்பியோட கழுத்துச் சுருக்கம் வந்து உக்காந்தா காலர் அப்படி நிக்காது, அமுங்கும். சட்டையைத் தொடமாட்டேன்னு சொன்னீங்க, அந்தக் காலரை மட்டும் தொடத்தான் வேணும்.

முக்கோணம்

இங்கேயே கேட்டுடறேன், எனக்கும் இதே பிரச்சனை, ஆனா 3டி-ல. பிளெண்டர்ல ஒரு பொண்ணுக்கு டிரான்ஸ்பரன்ட் ரெயின்கோட். துணி சிமுலேஷன் நல்லா வந்துடுச்சு. `Glass BSDF` போட்டு IOR 1.5 வச்சேன். உள்ளே இருக்கிற டிரெஸ் எல்லாம் தலைகீழா, கண்டபடி வளைஞ்சு தெரியுது. சரின்னு Solidify மாடிஃபையர் போட்டேன், வளைவு போச்சு, ஆனா மடிப்பு நெருக்கமா இருக்கிற இடத்துல கறுப்புக் கறுப்பா திட்டு. தடிமனை மாத்திப் பார்த்தேன், திட்டு போகலை.

பழைய_தூரிகை

முதல் பிரச்சனைக்குக் காரணம், ஒற்றைத் தாளாக இருக்கும் மெஷ்ஷில் கதிர் உள்ளே நுழைகிறது, வெளியே வருவதற்கு இரண்டாவது பக்கமே இல்லை. ரெண்டரர் அந்தப் பெண் முழுவதையும் கண்ணாடிக் கட்டிக்குள் இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. நான் மேலே Displace பற்றிச் சொன்ன அதே தப்பைத்தான் இங்கே மென்பொருள் செய்கிறது.

கறுப்புத் திட்டை நான் இரண்டு பரிமாணக்காரன் என்ற அளவில்தான் சொல்ல முடியும். கதிர் எத்தனை முகங்களைத் தாண்டலாம் என்று ஒரு வரம்பு இருக்கும், அதைப் பாருங்கள்.

முக்கோணம்

அதேதான்! Light Paths-க்குள்ள எல்லாத்தையும் ஏத்தினேன், திட்டு போயிடுச்சு. Solidify போட்டதும் ஒரு தாளுக்கு ரெண்டு முகம், முன்னும் பின்னும் சேர்த்து நாலு, மடிப்புல அது எட்டு, பத்துனு போகுது. கதிர் வரம்பைத் தொட்டதும் கறுப்பாயிடுது. ஆனா ரெண்டர் நேரம் தாறுமாறா ஏறிடுச்சு.

அதனால இப்ப Solidify-ஐயே தூக்கிட்டேன். ஒற்றைத் தாள் மெஷ், `Transparent BSDF`-ஐயும் `Glossy BSDF`-ஐயும் Mix Shader-ல சேர்த்து, கலக்குற அளவுக்கு Fresnel நோடு. ஒளி வளையவே வளையாது, பிரதிபலிப்பு மட்டும் கோணத்துக்கு ஏத்த மாதிரி வரும். இதுலயும் Transparent வரம்பு ஒண்ணு தனியா இருக்கு, முதல்ல 8-ல இருக்கும், அதைக் கொஞ்சம் ஏத்திக்கணும். மெல்லிசான பிளாஸ்டிக்குக்கு இது போதும்னு தோணுது. தடிமனான கோட்டுக்குப் போதுமான்னு தெரியலை, யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க.

அரைமை

வந்துட்டேன். இதுவரைக்கும் செஞ்சது இதுதான்.

போஞ்சோ உருவத்தை உடம்பை விட்டு நல்லா அகலமா வெட்டினேன். மூட்டத்தை ரெண்டு லேயராப் பிரிச்சேன். கீழே இருக்கிற லேயர் பின்பக்கத் தாள், அதை ஆளோட மாஸ்க்கைத் தலைகீழாக்கி மறைச்சேன். அதனால அது புதர் மேல மட்டும் விழுது. மேல இருக்கிற லேயர் முன்பக்கத் தாள், எல்லாத்து மேலயும். ரெண்டும் வானத்து நிறம், 12. முக்கோண இடைவெளி இப்ப அப்படியே பிளாஸ்டிக் பின்னாடி போயிடுச்சு, நானே ஆச்சரியப்பட்டேன். சட்டையில எல்லாக் கட்டமும் தெரியுது.

@ஊசிமுனை அக்கா, மடிச்ச தடம் போட்டதும் படம் வேற மாதிரி ஆயிடுச்சு. காலரை அமுக்கிட்டேன்.

மிச்சப் பிரச்சனை ரெண்டு. வலது பக்கத்துக் குழல் மடிப்பை வெள்ளைக் கோடா வரைஞ்சா சாக்பீஸ்ல கிறுக்கின மாதிரி இருக்கு. புதர் பக்கம் போஞ்சோவோட ஓரத்துக்கு வெள்ளை வரி போட்டா மறுபடியும் ஸ்டிக்கர்.

வண்ணத்துகள்

வரியோட அகலத்தைக் குறை, ஒரு பக்கம் மங்கலாக்கு. ஓரம் வெள்ளையாத்தான் இருக்கும், ஓரத்துல பளபளப்பு கூடும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

பழைய_தூரிகை

பளபளப்பு கூடும் என்பது சரி, வெள்ளை என்பதுதான் சரியில்லை.

தாளை நேருக்கு நேர் பார்க்கும்போது அதன் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். தாள் 60 டிகிரி சாய்ந்தால் அது சுமார் 16. 80 டிகிரி சாய்ந்தால் பாதிக்கும் மேல். ஆக, நெஞ்சுப் பகுதியில் சட்டைதான் ஆட்சி செய்யும். குழல் மடிப்பின் இரு விளிம்புகளிலும், உருவத்தின் ஓரத்திலும் தாள் கிட்டத்தட்டக் கண்ணாடி போல ஆகிவிடும், அங்கே சட்டையோ புதரோ தெரியாது. ஆனால் அந்த இடத்தில் தெரிவது வெள்ளை நிறம் அல்ல. எதிரில் எது இருக்கிறதோ அது தெரியும்.

வெளி ஓரத்தைப் பாருங்கள். அங்கே தாள் உங்கள் பார்வைக்கு ஏறக்குறைய இணையாக நிற்கிறது. அந்தக் கோணத்தில் அது பிரதிபலிப்பது உங்களுக்குப் பின்னால் இருப்பதை அல்ல, தனக்குப் பின்னால் பக்கவாட்டில் இருப்பதை, அதாவது அதே புதரை. ஆகவே புதரோரத்தில் விளிம்பு கரும்பச்சையாகத்தான் இருக்கும், பின்னணியோடு ஏறக்குறைய கலந்துவிடும். தோளின் மேல் விளிம்பு வானத்தைப் பிரதிபலிக்கும், அங்கே வெளிச்சமாக இருக்கட்டும். ஓரம் சில இடங்களில் தொலைந்து போனால் விட்டுவிடுங்கள். அது எங்கே போகிறது என்பதை உள்ளே இருக்கும் மூட்டத்தின் எல்லையே சொல்லிவிடும்.

குழல் மடிப்புக்கு ஒரே வெள்ளைக் கோடு வேண்டாம். மடிப்பு ஒன்றை நான்கு பட்டைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பார்த்த சரிவில் வான நிறத்தில் ஒரு பட்டை, ஓரங்கள் கூர்மையாக. அதன் அடுத்த பக்கம் தரையையோ புதரையோ பார்க்கிறது, அங்கே இருண்ட ஒரு மெல்லிய பட்டை. இதற்கு Multiply மோடு. நடுத் தட்டையில் ஒன்றும் வேண்டாம், சட்டை தெரியட்டும். மடிப்பு மிக நெருங்கும் இடத்தில் தாள் மூன்று அடுக்காக இருக்கும், அங்கே மூட்டம் மூன்று மடங்கு. கோட்டின் நீளம் முழுக்க ஒரே வெளிச்சம் இருக்கக் கூடாது. தாளின் சின்னச் சின்ன முகங்கள் வேறு வேறு பக்கம் திரும்பியிருப்பதால் அது துண்டு துண்டாகத்தான் வரும். சாக்பீஸ் போலத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் வரைந்த கோடு இடையில் உடையாமல் இருப்பதுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். எல்லா ஹைலைட்டுகளையும் தனி லேயரில் வைத்து, கீழே கறுப்பு நிரப்பிப் பாருங்கள். சட்டை இல்லாமலே அது பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். சட்டையின் நீலம் எங்காவது ஹைலைட்டில் கலந்திருந்தால் தப்பு. பிளாஸ்டிக்கின் பளபளப்பு உள்ளே இருக்கும் துணியின் நிறத்தை எடுத்துக்கொள்ளாது.

நனைந்தகாகம்

அந்தக் கறுப்புச் சோதனையைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. முதல்ல கேள்வியைச் சரியாப் படிக்கலை, பரவாயில்லை. அதே ஆளு வேண்டாம், வேற யாரையாவது கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட் போட வச்சு, மேல போஞ்சோ மாட்டி, மேகமூட்டத்துல கறுப்புத் துணி முன்னாடி நிக்க வச்சு ஒரு படம். கை இடுப்புல. அந்தப் படத்தை Screen மோடுல மேல போட்டா கறுப்பெல்லாம் மறைஞ்சு மடிப்பும் பளபளப்பும் மட்டும் நிக்காதா? இப்ப போலரைசர் வேண்டாம்னும் புரியுது, பளபளப்புதானே வேணும்.

பழைய_தூரிகை

நல்ல வழி. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிச்சம் வரும் திசையும் கேமராவின் உயரமும் பழைய படத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் Screen எதையும் இருட்டாக்காது. மடிப்பின் அந்த இருண்ட பட்டைகளும், வெள்ளைப் பட்டைகள் சற்று மங்குவதும் அதில் கிடைக்காது. கறுப்புத் துணி முன்னால் எடுப்பதால் புதரின் பிரதிபலிப்பும் இருக்காது. அந்த மூன்றையும் கையால் சேர்க்க வேண்டும்.

ஊசிமுனை

உடம்பு அளவும் ஒத்துப் போகணும். தோள் அகலம் வேறன்னா மடிப்பு தொடங்குற இடமே மாறிடும்.

அரைமை

கறுப்புச் சட்டை வழி நல்லாருக்கு, தம்பியைப் பிடிச்சு நிக்க வைக்கிறேன். போஞ்சோ கிடைக்கிற வரைக்கும் கையால வரைஞ்சதையே வச்சிருக்கேன். துண்டு துண்டா உடைச்ச ஹைலைட் ரொம்பவே மாத்திடுச்சு. புதரோரத்து வெள்ளை வரியை எடுத்துட்டேன்.

இனி மழை. துளி எங்கெங்கே, எவ்வளவு? சட்டை தெரியணும்னு எழுத்தாளர் திரும்பத் திரும்பச் சொல்றார்.

வண்ணத்துகள்

தோள்லயும் தொப்பியிலயும் நிறையப் போடு, நெஞ்சுல குறைச்சுப் போடு. மழை மேல இருந்துதான் வருது. துளி ஒவ்வொண்ணுக்கும் மேல பக்கம் வெளிச்சப் புள்ளி, கீழே நிழல்.

பழைய_தூரிகை

துளிக்குள் தெரியும் காட்சி தலைகீழாக இருக்கும். நிமிர்ந்த பரப்பில் ஒட்டியிருக்கும் துளியில் மேல் பாதி இருட்டு, கீழ் பாதி வெளிச்சம், மேலே சின்னதாக ஒரு ஹைலைட் புள்ளி. இந்த ஒரு இடத்தில் மட்டும் @வண்ணத்துகள் ஆசைப்பட்ட நெளிவை வைத்துக்கொள்ளலாம், துளி உண்மையிலேயே ஒரு லென்ஸ்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை எனக்கு நெஞ்சில் துளியே வேண்டாம் என்று தோன்றுகிறது. அட்டையில் அச்சாகும் அளவில் கட்டமும் துளியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து, ஒன்றை ஒன்று கெடுக்கும்.

வண்ணத்துகள்

நெஞ்சுல ஒரு துளிகூட இல்லாம தோள்ல மட்டும் இருந்தா, அது இன்னும் செயற்கையா இருக்கும். வழிஞ்சு ஓடின தடமாவது ரெண்டு மூணு வேணும். தடத்துக்குள்ள தாள் சட்டையோட ஒட்டிக்கிட்டு, கட்டம் தெளிவா, கொஞ்சம் கருத்துத் தெரியும், அதுவே அழகு.

பழைய_தூரிகை

ஓடும் நீர் தாளுக்கு வெளிப்பக்கம்தானே இருக்கிறது, அது எப்படித் தாளைச் சட்டையோடு ஒட்ட வைக்கும்? உள்பக்கம் வியர்வையோ ஈரமோ இருந்தால்தான் ஒட்டும். ஒட்டினால் நீங்கள் சொல்வது சரி, அங்கே கட்டம் தெளிவாகவும் கருத்தும் தெரியும். தோளிலும் மேல்முதுகிலும் அப்படி நடக்கலாம். நெஞ்சில் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வண்ணத்துகள்

காத்தடிச்சா நெஞ்சுல ஒட்டும்.

நனைந்தகாகம்

ரெண்டு பேரும் சட்டையைப் பத்தியே பேசறீங்க, பேன்டைப் பாருங்க. போஞ்சோ முழங்காலோட முடியுது. சட்டை காய்ஞ்சிருக்கும், முழங்காலுக்குக் கீழே சாம்பல் பேன்ட் தொப்பலா நனைஞ்சு கருத்திருக்கணும். போட்டோவுல பேன்ட் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நிறம். ஓரத்துல இருந்து சொட்டுறது பேன்ட்ல படும்ல? அந்த ஈர எல்லை இல்லாம மழைன்னு யாரு நம்புவாங்க?

அரைமை

அது என் கண்ணுல படவே இல்லை. பேன்ட்டைத் தனியா மாஸ்க் பண்ணி Multiply-ல கருக்கிட்டிருக்கேன். ஈரம் நேர்க்கோடா நிக்காது, கொஞ்சம் மேலேயும் ஏறும்னு எல்லையைக் கிழிஞ்ச மாதிரி விட்டிருக்கேன். துளிக்கு ரெண்டு வடிவம் செஞ்சு எழுத்தாளருக்கு அனுப்பறேன், ஒண்ணு நெஞ்சுல துளி இல்லாம, இன்னொண்ணு வலது பக்கம் மட்டும் காத்துல ஒட்டின மாதிரி.

@ஊசிமுனை அக்கா, காத்து வலது பக்கம் இருந்து வந்தா இடது பக்கம் தாள் எப்படி நிக்கும்?

ஊசிமுனை

வலது பக்கம் உடம்போட ஒட்டும், குழல் மடிப்பெல்லாம் போயிடும். அதை அழிச்சுட்டு, கையையும் இடுப்பையும் சுத்தி இழுத்த கோடு போடுங்க. இடது பக்கம் பலூன் மாதிரி உப்பும், அந்த முக்கோண இடைவெளிக்கு முன்னாடி தாள் இன்னும் வெளியே வரும். கீழ் ஓரம் இடது பக்கம் தூக்கும், அப்ப இடது முழங்காலுக்கு மேலயும் பேன்ட் கொஞ்சம் நனையும்.